எந்த விதி இன்று செல்லும்? பதினெட்டு வயது தாண்டிய பிள்ளையின் படிப்புச் செலவை வைத்து ஒரு பாடம்

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் பரீட்சை நெருங்கும்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, ட்யூஷன் நோட்ஸில் ஒரு விதி இருக்கு, சீனியர் கொடுத்த நோட்ஸில் வேற விதி இருக்கு. ரெண்டுக்கும் வழக்குப் பேரும் இருக்கு. நான் எதை எழுதறது?" புதுசா இருப்பதை எழுது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எது புதுசு என்பதுதானே சந்தேகம்? அதோடு, புதிய விதி வந்த பிறகும் சில குடும்பங்களுக்குப் பழைய விதியே பொருந்தும். அதனால் பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு விஷயத்தை எடுத்து அதன் அடிவரைக்கும் போவோம்.

விஷயம் இதுதான். தாய் தந்தையர் மணவிலக்கு பெற்றுவிட்டார்கள். பிள்ளைக்கு மாதாமாதம் பராமரிப்புத் தொகை கொடுக்கும்படி தந்தைக்கு நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகிறது, பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைக்கிறது. தந்தை தொடர்ந்து கொடுக்க வேண்டுமா?

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இதற்கான விடை 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் 164, வகுப்பில் நாம் எல்.ஆர்.ஏ. என்று சொல்வது. அதன் 95ஆம் பிரிவுதான் நமக்கு வேண்டியது. அந்தப் பிரிவின் பழைய வாசகப்படி, பராமரிப்பு உத்தரவு பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும் முடிந்துவிடும். பிள்ளைக்கு உடல் குறையோ மனக் குறையோ இருந்தால், அந்தக் குறை தீரும்வரை நீடிக்கும். படிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

இந்த வாசகத்தின் மேல்தான் மூன்று அடுக்குகள் வந்து சேர்ந்தன.

முதல் அடுக்கு, 1997இல் வெளியான 'சிங் செங் வோ எதிர் லிம் ஷூக் லின்' வழக்கு. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு விரிவாகப் பொருள் கொடுத்தது. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை தானே சம்பாதிக்க முடியாமல் பெற்றோரைச் சார்ந்து நிற்கிறது; அந்தச் சார்பும் 'உடல் அல்லது மனக் குறை' என்ற சொற்றொடருக்குள் அடங்கும் என்றது. நல்ல மனசோடு சொன்ன தீர்ப்புதான். சட்ட வாசகத்தை அது கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் அடுக்கு 2004இல் வந்தது. 'கருணைராஜா எதிர் புனிதாம்பிகை' வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்த விரிவான பொருளை ஏற்க மறுத்தது. குறை என்றால் குறைதான், மேற்படிப்புக்காகப் பணத்துக்குச் சார்ந்திருப்பது அதில் சேராது என்று முடிவு சொன்னது. அதிலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதினெட்டாவது பிறந்தநாளோடு பராமரிப்பு உத்தரவு நின்றுபோனது. ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, மேற்படிப்புக்காகப் பராமரிப்பு உத்தரவை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எல்.ஆர்.ஏ.யில் அதுபோல எதுவும் இல்லாமல்தான் இருந்தது.

மூன்றாம் அடுக்கு நாடாளுமன்றம் கொண்டுவந்தது. 2017ஆம் ஆண்டு திருத்தச் சட்டம் 95ஆம் பிரிவில் இன்னொரு வகையைச் சேர்த்தது. பிள்ளை மேற்படிப்போ உயர்கல்வியோ பயிற்சியோ தொடர்ந்தால், அது முடியும்வரை உத்தரவு நீடிக்கும். இந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 15 டிசம்பர் 2018 அன்று.

மேலோட்டமாகப் பார்த்தால், 1997 தீர்ப்பு விழுந்தது, 2004 தீர்ப்பு வந்தது, பிறகு 2004 தீர்ப்பும் விழுந்தது, 1997 மறுபடி எழுந்தது என்று தோன்றும். பல விடைத்தாள்களில் இதைத்தான் எழுதுகிறார்கள். மதிப்பெண் போவதும் இந்த இடத்தில்தான்.

2004 தீர்ப்பை எந்த நீதிமன்றமும் தள்ளவில்லை. கூட்டரசு நீதிமன்றத்துக்கு மேலே நம் நாட்டில் வேறு நீதிமன்றம் கிடையாது. ஆகவே அந்தத் தீர்ப்பை 'ஓவர்ரூல்' செய்ய இன்னொரு கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டும். இங்கே நடந்தது அதுவல்ல. தீர்ப்பு எந்த வாசகத்துக்குப் பொருள் சொன்னதோ அந்த வாசகத்தோடு நாடாளுமன்றம் புதிய வாசகத்தைச் சேர்த்தது. இதனால் தீர்ப்பின் விளைவு ஒரு பகுதியில் மாறியது, தீர்ப்பு அப்படியே நிற்கிறது. "திருத்தத்தால் ஓவர்ரூல் ஆனது" என்று எழுதாதீர்கள். "இந்த விஷயத்தில் திருத்தச் சட்டம் அதன் விளைவை மாற்றிவிட்டது" என்று எழுதுங்கள்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை, இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. வழக்குத் தேடும் தளங்களில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் பிந்தைய வரலாறு கொடுத்திருப்பார்கள். பின்பற்றப்பட்டது, வேறுபடுத்தப்பட்டது, ஓவர்ரூல் ஆனது என்று அடையாளம் போட்டிருப்பார்கள். அந்த வரலாறு ஒரு தீர்ப்பைப் பற்றி மற்றத் தீர்ப்புகள் என்ன சொல்லின என்பதை வைத்துத் தொகுக்கப்படுவது. சட்ட வாசகம் மாறியதை அது தானாகக் காட்டும் என்று நம்ப முடியாது. ஆகவே 2004 தீர்ப்புக்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளம் இல்லையே, இன்னும் செல்லும் போல என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். தீர்ப்பு ஒரு பிரிவுக்குப் பொருள் சொல்கிறது என்றால் அந்தப் பிரிவு இன்றும் அதே வாசகத்தோடு இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது, 1997 தீர்ப்பு மறுபடி எழவில்லை. அது கேட்ட முடிவு இன்று சட்டமாகிவிட்டது உண்மைதான், ஆனால் அது போன வழி வேறு. படிப்பு என்பது ஒரு 'குறை' என்ற வாதத்தை 2004இலேயே மறுத்துவிட்டார்கள், அந்த மறுப்பு இன்றும் நிற்கிறது. இன்று படிக்கும் பிள்ளைக்குப் பணம் கிடைப்பது திருத்தத்தில் சேர்த்த புதிய வகையினால். முதலில் திருத்தத்தை மேற்கோள் காட்டுங்கள். 1997 வழக்கை வரலாறாக ஒரே வரியில் சொல்லுங்கள்.

2004 தீர்ப்பில் இன்னும் உயிரோடு இருக்கும் பகுதியும் உண்டு. இருபது வயதுப் பையன், எங்கேயும் படிக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "பணத்துக்கு அம்மாவைத்தானே நம்பியிருக்கிறான், இதுவும் ஒரு குறைதான்" என்று தாய் வாதாடினால், அந்த வாதத்தை இன்றும் தடுப்பது கருணைராஜா தீர்ப்புதான். திருத்தம் படிப்புக்கும் பயிற்சிக்கும் மட்டுமே கதவைத் திறந்தது. இதை எழுதும் மாணவர் மிகக் குறைவு. எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, இப்போ தேதிக்கு வருவோம். திருத்தச் சட்டத்தின் பெயரில் 2017 என்று இருக்கிறது. அமலுக்கு வந்தது 2018 டிசம்பரில். இடையில் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் சட்டம் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. மாமன்னர் ஒப்புதல் வேண்டும், அரசிதழில் வெளிவர வேண்டும், அமைச்சர் ஒரு தேதியைக் குறித்து அரசிதழில் அறிவிப்பு வெளியிடும்வரை காத்திருக்க வேண்டியதும் வரலாம். கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த இடைவெளி ரொம்பப் பிடிக்கும்.

ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்போம். இளங்கோவும் மாலதியும் 2012இல் மணவிலக்கு பெற்றார்கள். பிள்ளை ஒவ்வொருவருக்கும் மாதம் 600 ரிங்கிட் இளங்கோ கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்த வயதுவரை என்று உத்தரவில் சொல்லவில்லை. மூத்தவள் கயல்விழிக்குப் பதினெட்டு வயது ஆனது 3 மார்ச் 2018. இளையவன் கதிருக்கு 10 ஜூன் 2019. இருவரும் பதினெட்டு ஆனபோது உயர்கல்வியில் இருந்தார்கள். இளங்கோ ஒவ்வொரு பிறந்தநாளிலும் அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். மாலதிக்கு ஆலோசனை கூறுக.

கேள்வியில் இரண்டு பிள்ளைகளை எதற்காக வைத்திருக்கிறார்கள்? ஒரு பிறந்தநாள் 15 டிசம்பர் 2018க்கு முன்னால், இன்னொன்று பின்னால். அதற்காகத்தான். இப்படிப்பட்ட கேள்வியைப் பார்த்ததும் விடை எழுதும் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அதில் 2012, மார்ச் 2018, டிசம்பர் 2018, ஜூன் 2019 என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை நிமிஷ வேலை. பிறகு கோட்டைப் பார்த்தே எழுதலாம்.

கயல்விழியின் உத்தரவு 3 மார்ச் 2018 அன்று பழைய 95ஆம் பிரிவின்படியே முடிந்தது. அப்போது திருத்தம் அமலில் இல்லை. படிப்பு 'குறை' ஆகாது என்ற 2004 தீர்ப்பு அவளுக்கு நேராகப் பொருந்துகிறது. ஒன்பது மாதம் கழித்து வந்த திருத்தம், முடிந்துபோன உத்தரவை மறுபடி எழுப்புமா? எழுப்பும் என்று சொல்ல வேண்டுமானால், சட்டத்திலேயே அதற்குத் தெளிவான வாசகம் காட்ட வேண்டும். உரிமையையும் கடப்பாட்டையும் தொடும் திருத்தம் பொதுவாகப் பின்னோக்கிப் போகாது. 1948, 1967 பொருள்விளக்கச் சட்டங்களின் 30ஆம் பிரிவும் இந்தப் பக்கமே சாய்கிறது. அதனால் அந்த உத்தரவை வைத்து மாலதி கேட்பது கடினம். புதிதாக விண்ணப்பிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு 87ஆம் பிரிவில் 'பிள்ளை' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருளிலிருந்து தொடங்க வேண்டும்.

கதிரின் நிலை வேறு. 15 டிசம்பர் 2018 அன்று அவனுடைய உத்தரவு உயிரோடு இருந்தது. அது எப்போது முடியும் என்ற கேள்வி எழுந்தது ஜூன் 2019இல், அன்றைக்கு இருந்தது புதிய 95ஆம் பிரிவு. ஆகவே படிப்பு முடியும்வரை உத்தரவு நீடிக்கிறது என்பதே வலுவான வாதம். இளங்கோ தரப்பு சும்மா இருக்காது. "2012இல் உத்தரவு போட்டபோது என் கடப்பாடு பதினெட்டு வயதோடு முடியும் என்பதுதான் சட்டம், இப்போது அதை நீட்டுவது பின்னோக்கிப் பாய்வதுதான்" என்று சொல்லும். அதையும் எழுதி, பதிலும் எழுதுங்கள். திருத்தம் கடந்த மாதங்களுக்குப் பணம் கேட்கவில்லை, இனிமேல் வரும் மாதங்களைத்தான் தொடுகிறது. அமலில் இருக்கும் உத்தரவின் எதிர்கால ஆயுளைச் சட்டம் மாற்றுவது பின்னோக்கிப் பாய்வதாகாது என்பதே பதில். கூடவே, திருத்தச் சட்டத்தின் கடைசியில் பழைய வழக்குகளுக்கான காப்பு விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டே முடிவு சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

கேள்வியில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் விடையும் மாறும். உத்தரவிலேயே "பதினெட்டு வயதுவரை" என்று எழுதியிருந்தால்? 95ஆம் பிரிவு தொடங்குவதே, உத்தரவு இதைவிடக் குறைந்த காலத்துக்கு என்று சொல்லியிருந்தால் தவிர, என்ற நிபந்தனையோடுதான். இன்றைய வாசகத்தின்படி பதினெட்டு என்பது படிப்பு முடியும் காலத்தைவிடக் குறைந்த காலம்தானே என்று தந்தை வாதாட இடம் இருக்கிறது. அப்போது மாலதி உத்தரவு தானாக நீளும் என்று காத்திருக்காமல், கதிருக்குப் பதினெட்டு ஆவதற்கு முன்பே 96ஆம் பிரிவின் கீழ் உத்தரவை மாற்றக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். சூழ்நிலையில் முக்கியமான மாற்றம் ஏற்பட்டால் மாற்ற அந்தப் பிரிவு இடம் தருகிறது. பிள்ளை உயர்கல்விக்குப் போவதை அப்படி ஒரு மாற்றமாக முன்வைக்கலாம்.

இதெல்லாம் ஞாபகம் இருந்தால் சரி. பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்து, தேதி மறந்துபோச்சு, வழக்குப் பெயர் பாதிதான் வருது என்றால்?

முதலில் எந்த வகைச் சந்தேகம் என்று பிரித்துப் பாருங்கள். சட்டமே தெளிவில்லாமல் இருந்தால், மேலே சொன்ன கதிரின் உத்தரவு போல, அதை வெளிப்படையாக எழுதி இரண்டு பக்க வாதமும் கொடுங்கள். அதற்கு மதிப்பெண் உண்டு. கேள்வியில் தேதி கொடுக்காமல் விட்டிருந்தாலும் அப்படித்தான்: "பதினெட்டு வயது ஆனது திருத்தம் அமலுக்கு வருமுன் என்றால் இப்படி, பின் என்றால் இப்படி" என்று எழுதலாம். ஆனால் சந்தேகம் உங்கள் ஞாபகத்தில் மட்டும் இருந்தால், "இந்தத் திருத்தம் அமலில் இருந்தால்" என்று எழுதக் கூடாது. அமலில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்திருக்க வேண்டியது நீங்கள்தான், திருத்துபவர் சொல்லித்தர மாட்டார். அந்த இடத்தில் எவ்வளவு உறுதியாகத் தெரியுமோ அவ்வளவு மட்டும் எழுதுங்கள். "முன்பு கூட்டரசு நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குக் குறுகிய பொருள் கொடுத்தது. அதன் பிறகு நாடாளுமன்றம் பிரிவைத் திருத்தி, உயர்கல்வி முடியும்வரை உத்தரவை நீட்டித்தது." இதில் ஆண்டும் இல்லை, வழக்குப் பெயரும் இல்லை, ஆனால் சட்டம் சரி. தெரியாத தேதியை ஊகித்துப் போட்டால் அது தவறாகிப் போகும். அதோடு கயல்விழியும் கதிரும் இடம் மாறிவிடுவார்கள்.

எது முந்தியது, எது பிந்தியது என்பதே குழம்பினால் நீதிமன்றப் படிவரிசை கை கொடுக்கும். மேல்முறையீட்டு நீதிமன்றம் கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தள்ள முடியாது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு தீர்ப்பு ஞாபகம் வந்து, ஒன்று கூட்டரசு நீதிமன்றம் என்று உறுதியாகத் தெரிந்தால், தீர்ப்புகளுக்குள் அதுதான் கட்டுப்படுத்தும். இன்னொரு துப்பு கேள்வியிலேயே இருக்கும். பத்தொன்பது வயது மாணவியை வைத்துக் கேள்வி கேட்கிறார் என்றால், பழைய விதியோடு விடை முடிந்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை.

ஒரே ஒரு புள்ளிக்காக விடை முழுவதையும் தின்றுவிடாதீர்கள். மூன்று மணி நேரத்தில் நான்கு கேள்வி என்றால் ஒன்றுக்கு நாற்பத்தைந்து நிமிஷம். எந்த விதி பொருந்தும் என்ற வாதத்துக்கு அதில் பத்து நிமிஷம் போதும்.

இதே திருத்தச் சட்டத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் மதம் மாறினால் பிள்ளையின் மதம் என்ன ஆகும் என்பது பற்றி 88ஏ என்று ஒரு புதிய பிரிவு, 2016இல் தாக்கல் செய்த மசோதாவில் இருந்தது. நம் சமூகத்தில் அப்போது ரொம்பப் பேசப்பட்டது, பத்திரிகைகளிலும் வந்தது. ஆனால் அந்த மசோதாவை மீட்டுக்கொண்டார்கள். 2017இல் நிறைவேறிய சட்டத்தில் 88ஏ இல்லை. அந்தக் காலத்து நோட்ஸை வைத்துப் படிப்பவர்கள் இன்றும் "88ஏ பிரிவின்படி" என்று எழுதிவிடுகிறார்கள். இல்லாத பிரிவு அது. பிள்ளையை மதம் மாற்ற இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்பதற்கு மேற்கோள் காட்ட வேண்டியது, கூட்டரசு நீதிமன்றம் 29 ஜனவரி 2018 அன்று வழங்கிய இந்திரா காந்தி வழக்குத் தீர்ப்பு. அது அரசியலமைப்பின் 12(4) விதிக்குப் பொருள் சொன்ன தீர்ப்பு, எல்.ஆர்.ஏ. திருத்தத்தின் விளைவு அல்ல. ஆகவே மசோதா வேறு, சட்டம் வேறு, தீர்ப்பு வேறு. நோட்ஸில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இது எந்த வகை என்று பென்சிலால் குறித்துவையுங்கள்.

சிங்கப்பூரில் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு சொல். உங்களுக்கு இந்த வரலாறு பொருந்தாது. உங்கள் மகளிர் சாசனத்தின் 69ஆம் பிரிவில் வயது எல்லை இருபத்தொன்று, அதற்கு மேல் படிப்பு, தேசிய சேவை போன்ற விதிவிலக்குகள் அங்கேயே எழுதப்பட்டிருக்கின்றன. மலேசிய விடையில் சிங்கப்பூர் வழக்கை எடுத்துப் போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் உட்கார்ந்து சரிபார்ப்பது எப்படி? தலைமைச் சட்டத்துறை அலுவலகத்தின் lom.agc.gov.my தளத்தில் சட்டம் 164ஐத் தேடுங்கள். கையில் அச்சுப் புத்தகம் இருந்தால், எந்தத் தேதிவரையான திருத்தங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று முன்பக்கங்களில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். 15 டிசம்பர் 2018க்கு முந்தைய தேதி என்றால் அந்தப் புத்தகத்து 95ஆம் பிரிவு பழையது. சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் திருத்தப் பட்டியல் இருக்கும்: எந்தத் திருத்தச் சட்டம், எந்தத் தேதியிலிருந்து அமல், எந்தப் பிரிவைத் தொட்டது என்று. உங்கள் பாடத்திட்டத்தில் வரும் பிரிவுகளை மட்டும் அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எந்தப் பிரிவு தொடப்பட்டிருக்கிறதோ, அந்தப் பிரிவுக்குப் பொருள் சொன்ன வழக்குகளை நோட்ஸில் தேடி, தீர்ப்பின் ஆண்டையும் திருத்தம் அமலான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எல்.ஆர்.ஏ.க்கு இந்த வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.